நோரோவைரஸ்: விடுதிப் பரவலும் தடுப்பும்

நோரோவைரஸ் திடீர் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் குடல் வைரஸ். பலர் ஒன்றாக உண்டு, உறங்கி, ஒரே கழிவறையைப் பகிர்ந்துகொள்ளும் மாணவர் விடுதிகளிலும் முதியோர் இல்லங்களிலும் அது மிக வேகமாகப் பரவும். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊரின் பள்ளியில் 1968இல் பரவிய நோயின் மாதிரிகளில், 1972இல் ஆல்பர்ட் கபிகியன் குழுவினர் மின்னணு நுண்ணோக்கியில் இதைக் கண்டனர். பெயரும் அந்த ஊரிலிருந்து வந்ததே.

தமிழ்நாட்டுக்குப் பக்கத்தில் நடந்த நிகழ்வு 2021 நவம்பரில் கேரளத்தின் வயநாட்டில். பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் விடுதியில் தங்கிப் படித்த 13 மாணவர்களுக்கு நோய் கண்டது. ஆலப்புழையில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனப் பிரிவின் பரிசோதனை அதை உறுதி செய்தது. குடிநீர் ஆதாரங்களில் குளோரின் இடுவதும் துப்புரவும் உடனே முடுக்கிவிடப்பட்டன. மலைப்பகுதி, விடுதி, பொதுக் குடிநீர் என்ற இந்தச் சேர்க்கை திருச்சி மாவட்டத்தின் பச்சைமலையிலும் உண்டு. அங்குள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகள் அங்கேயே சாப்பிட்டு அங்கேயே படுக்கிறார்கள்.

பரவும் விதம்

வைரஸ் உள்ளே போன 12 முதல் 48 மணி நேரத்தில் நோய் தெரியும். பெரும்பாலும் மூன்று நாளுக்குள் தணிந்துவிடும். தொற்றுவதற்கு ஏறத்தாழ 20 துகள்கூடப் போதும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். நோயாளியின் ஒரு கிராம் மலத்திலோ அவை கோடிக்கணக்கில் இருக்கும்.

குடிநீரையும் சமையலையும் மட்டும் சந்தேகிப்பது நம் வழக்கம். வாந்தியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 1998இல் இங்கிலாந்தில் ஒரு ஓட்டலில் 126 பேர் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒருவர் மேசையிலேயே வாந்தி எடுத்தார். அதே மேசையில் இருந்தவர்களில் 10இல் 9 பேருக்கு நோய் வந்தது. தூரத்து மேசையில் நால்வரில் ஒருவருக்கு. உணவுதான் காரணமென்றால் தூரத்துக்கேற்ப எண்ணிக்கை குறைந்திருக்காது. வாந்தித் திவலைகள் காற்றில் பரவிப் படிந்தன என்பதே ஆய்வாளர்கள் வந்த முடிவு.

சானிடைசர் ஏன் போதாது

கொரோனா வைரஸைச் சுற்றிக் கொழுப்பு உறை ஒன்று இருக்கிறது. ஆல்கஹால் அதைக் கரைத்ததும் வைரஸ் செயலிழந்துவிடும். நோரோவைரஸுக்கு அந்த உறை கிடையாது. இறுக்கமான புரத ஓடு மட்டுமே. ஆல்கஹால் அதைச் சற்றே பாதிக்கும், நம்பும்படி அழிக்காது. சோப்பும் வைரஸைக் கொல்வதில்லை, ஆனால் தேய்ப்பும் ஓடும் நீரும் அதைக் கையிலிருந்து கழுவி வெளியேற்றிவிடுகின்றன. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதி முதியோர் பராமரிப்பு இல்லங்களைப் பற்றி 2011இல் வந்த ஓர் ஆய்வில், பணியாளர்கள் சோப்புக்கு நிகராகவோ அதைவிட அதிகமாகவோ சானிடைசரைப் பயன்படுத்திய இல்லங்களில் நோரோவைரஸ் பரவல் கூடுதலாக இருந்தது.

கட்டுப்படுத்தும் முறை

இரவில் ஒரு பிள்ளை படுக்கையறையில் வாந்தி எடுத்தால், முதலில் மற்றவர்களை வெளியேற்றி ஜன்னல்களைத் திறக்க வேண்டும். சுத்தம் செய்பவர் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, பழைய துணியாலோ காகிதத்தாலோ வாந்தியை மூடி எடுத்து, பையில் கட்டிவிட வேண்டும். துடைப்பத்தால் பெருக்கினால் திவலை மறுபடி கிளம்பும். வாந்தியை அகற்றாமல் அதன்மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவுவதும் வீண்: குளோரின் அந்த அழுக்கிலேயே செலவாகிப்போகும்.

துடைத்த பிறகு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளியவைத்த நீரை ஊற்றிச் சில நிமிடங்களாவது விட வேண்டும். வாந்தி தெறித்த இடத்துக்கு அப்பாலும் தாராளமாக ஊற்றலாம். 33 விழுக்காடு குளோரின் உள்ள புதுப் பவுடருக்குத்தான் இந்த அளவு. மூட்டை பிரிந்து, கட்டிபட்டு, நெடி போன பவுடர் பயன்படாது. கரைசலைப் பிளாஸ்டிக் வாளியில் அன்றன்றே தயாரிக்க வேண்டும். கழிவறை ஆசிட்டுடன் கலந்தால் நச்சுவாயு கிளம்பும். கழிவறைத் தாழ்ப்பாள், குழாய்த் திருகு, சுவிட்சு ஆகியவற்றை இதைவிட நீர்த்த கரைசலில், லிட்டருக்கு 3 கிராம் போட்டு, துடைத்தால் போதும். படுக்கைத் துணியை உதறாமல் சுருட்டி எடுத்து வெந்நீரில் தனியே துவைப்பது நல்லது.

ஓரிரு நாளுக்குள் பலர் நோயுற்று, பாதிக்கு மேற்பட்டோருக்கு வாந்தி இருந்தால் நோரோவைரஸைச் சந்தேகிக்கலாம். முதல் மூன்று நாட்களுக்குள் எடுத்த மல மாதிரியில் பிசிஆர் சோதனை நல்ல பலன் தரும். மலையிலிருந்து கீழே கொண்டுவரும் வரை மாதிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். தனி மருந்து இல்லை. உப்பு-சர்க்கரைக் கரைசலே சிகிச்சை. முதியவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. சிறுநீர் குறைவதும் பேச்சு குழறுவதும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய அறிகுறிகள்.

வாந்தியும் வயிற்றுப்போக்கும் நின்ற பின்னும் 48 மணி நேரம் சமையல்காரரோ பராமரிப்பாளரோ வேலைக்கு வரக் கூடாது. அதன் பிறகும் வைரஸ் மலத்தில் இரண்டு வாரமோ அதற்கு மேலோ வெளிவரும் என்பதால் சோப்புக் கழுவலைத் தளர்த்த முடியாது. வேலைக்கு வராத அந்த இரண்டு நாளுக்கும் கூலி பிடித்தம் செய்யும் விடுதியில் சமையல்காரர் வயிற்றுப்போக்கை வாய்விட்டுச் சொல்லமாட்டார்.