திரைப்பிடிப்பில் எழுத்துத் தெளிவுச் சோதனை

திரைப்பிடிப்பில் எழுத்துத் தெளிவுச் சோதனை என்பது, செல்பேசிச் செயலியின் வடிவமைப்புப் படத்தில் எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையிலான ஒளிர்வு விகிதத்தையும் இடைவெளிகளின் சீர்மையையும் அளந்து பார்ப்பதாகும்.

2008 இல் வெளியான வலை உள்ளடக்க அணுகுதன்மை வழிகாட்டி 2.0 இன் ஏஏ நிலை, வழமையான எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 விகிதத்தைக் கோருகிறது. வெள்ளைப் பின்புலத்தில் #777777 சாம்பல் நிறம் 4.48:1 மட்டுமே தருவதால் தேறாது, அதனை 4.5 எனக் கொள்ளல் ஆகாது. சற்றே கருமையான #767676 தேறும்.

எழுத்தின் விளிம்புப் படப்புள்ளிகள் பின்புலத்துடன் கலந்திருப்பதால், அங்கு அளந்தால் விகிதம் குறைவாகத் தெரியும். எனவே எழுத்துக்கோட்டின் நடுவில் நிறத்தை எடுக்க வேண்டும்.

இடைவெளிச் சீர்மைக்கு இவ்வழிகாட்டியில் எண் வரையறை இல்லை. செயலியின் வடிவமைப்பு விதியே அளவுகோல். மும்மடங்கு அடர்த்தித் திரையில் 16 அலகு இடைவெளி 48 படப்புள்ளிகளாகும். ஓரிடத்தில் 45 இருந்தால், அங்கு ஓர் அலகு குறைந்துள்ளது.