மின்னும் மஞ்சளும் நின்று எரியும் மஞ்சளும் ஒன்றல்ல

புக்கிட் மெர்தாஜாம் – இடியுடன் கூடிய கனமழைக்குப் பிறகு, ஜாலான் கூலிம் போன்ற பரபரப்பான சாலையில் சமிக்ஞை விளக்கின் சிவப்பும் பச்சையும் மறைந்து, மஞ்சள் மட்டும் விட்டு விட்டு மின்னக்கூடும். வாகனமோட்டிகளில் சிலர் அதை வழக்கமான மஞ்சள் என நினைத்து விரைகின்றனர். சிலர் பச்சை வரும் என்று காத்து நிற்கின்றனர். இரண்டுமே தவறு.

நின்று எரியும் மஞ்சள் பொதுவாக 3 முதல் 4 விநாடி வரை நீடிக்கும். அதற்கு அடுத்து சிவப்பு வரப்போகிறது என்பதால், பாதுகாப்பாக நிற்க முடிந்தால் நிற்க வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் 14 மீட்டர் ஓடுகிறது. ஓட்டுநர் விளக்கைக் கவனித்து பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி. பிறகு பதற்றமின்றி நிற்க மேலும் 32 மீட்டர். ஆக 46 மீட்டர் தேவை. நிறுத்தக் கோட்டுக்கு 60 மீட்டர் இருக்கும்போது மஞ்சள் எரிந்தால் நின்றுவிடலாம். 20 மீட்டரே இருந்தால், திடீரென நிறுத்துவதைவிடக் கடந்து செல்வதே நல்லது. பின்னால் லோரி வந்தால் இன்னும் அப்படித்தான். மழைச் சாலையில் நிற்க இதைவிடக் கூடுதல் தூரம் ஆகும்.

இந்தக் கணக்கு எல்லாம் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: குறுக்குச் சாலையில் வருவோருக்கு அந்த நேரம் சிவப்பு எரிகிறது.

மின்னும் மஞ்சளில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. விளக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி தன்னைத்தானே கண்காணிக்கும். குறுக்கும் நெடுக்கும் ஒரே நேரத்தில் பச்சை எரியும் கோளாறு போன்றவை தெரிந்தால், அது வழக்கமான சுற்றை விட்டுவிட்டு மின்னும் நிலைக்குப் போய்விடும். குறுக்கே வருபவரும் அதே மின்னும் மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதாவது, யாருக்கும் வழி ஒதுக்கப்படவில்லை.

ஆல்மா பக்கமிருந்து பட்டணம் நோக்கி வரும் ஒரு மோட்டார் சைக்கிளோட்டியை எடுத்துக்கொள்வோம். மின்னும் மஞ்சளைக் கண்டதும் அவர் வேகத்தை மணிக்கு 20 கிலோமீட்டருக்குக் குறைத்தால், சுமார் 11 மீட்டரில் நிற்க முடியும். குறுக்கே கார் நுழைந்தாலும் தப்பிக்கலாம். அதே 50இல் வந்தால் முடியாது. "பெரிய சாலை நம்முடையது" என்ற எண்ணத்தால்தான் பலர் அங்கே வேகத்தைக் குறைப்பதில்லை.

சந்திப்பை நெருங்கியதும் சாலையில் உள்ள வழிவிடு கோடும் நிறுத்தப் பலகையும் அப்படியே பொருந்தும். அவை இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். வலது பக்கம் திரும்புபவர், எதிரே நேராக வருபவரை முதலில் போகவிட வேண்டும். பாதசாரிகளுக்கான பச்சை விளக்கும் வேலை செய்யாது என்பதால் கடப்போரையும் கவனிக்க வேண்டும். போலீஸ்காரர் நின்று கைகாட்டினால், விளக்கு எப்படி மின்னினாலும் அவர் சொல்வதே செல்லும்.

விளக்கு முற்றிலும் அணைந்து கிடந்தாலும் இதே முறைதான்; இரவில் அதைக் கவனிப்பது மட்டும் இன்னும் கடினம்.