நூலகப் பட்டியலில் நான்காவது கட்டம்



வீட்டில் உள்ள புத்தகங்களுக்குப் பட்டியல் போடப்போவதாக நம் பழைய மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள். ஆசிரியர், பதிப்பு, அலமாரி, இரவல் வாங்கியவர் என்று நான்கு கட்டம் போட்டிருக்கிறாளாம். "வேறென்ன சேர்க்கலாம் சார்?" என்று கேட்டாள். அதற்குப் பதிலாக, நானூறு வருடத்துக்கு முந்தைய ஒரு வீட்டு நூலகத்தின் கதையைச் சொல்கிறேன்.

லண்டனில் சர் ராபர்ட் காட்டன் என்று ஒருவர் இருந்தார். காலம் 1571 முதல் 1631 வரை. இங்கிலாந்தில் மடாலயங்களை மூடியபோது சிதறிப்போன பழைய கையெழுத்துப் பிரதிகளைத் தேடித்தேடிச் சேர்த்தார். அவர் வைத்திருந்த புத்தகங்கள் பல வேறெங்கும் கிடைக்காதவை.

அலமாரிக்கு அவர் கண்ட வழி எளிமையானது. ஒவ்வொரு அலமாரியின் மேலும் ஒரு மார்பளவுச் சிலை. ரோமாபுரியின் பன்னிரண்டு சீசர்கள், அவர்களோடு கிளியோபாட்ரா, ஃபாஸ்டினா என்று பதினான்கு பேர். சிலையின் பெயர்தான் அலமாரியின் பெயர். மேலிருந்து தட்டுகளுக்கு ஏ, பி, சி, டி என்று எழுத்து. தட்டில் இடமிருந்து எத்தனையாவது என்பதற்கு எண். லிண்டிஸ்ஃபார்ன் சுவிசேஷப் பிரதியின் முகவரி 'நீரோ, டி, 4'. அதாவது நீரோ தலைக்குக் கீழே, நான்காவது தட்டில், நான்காவது புத்தகம். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

1731 அக்டோபரில், அந்த நூலகம் இருந்த ஆஷ்பர்ன்ஹாம் மாளிகையில் தீப்பிடித்தது. புத்தகங்களை ஜன்னல் வழியாக வெளியே வீசிக் காப்பாற்றினார்கள். சில முழுதாக எரிந்தன. பல ஓரம் கருகின. 'பேவுல்ஃப்' என்ற பழைய ஆங்கிலக் காவியத்துக்கு உலகத்தில் இருப்பதே ஒரு பழம்பிரதிதான். அதுவும் அன்று விளிம்பு கருகித் தப்பியது. அதன் முகவரி 'விடெல்லியஸ், ஏ, 15'. அந்த அலமாரிகள் இன்று இல்லை. ஆனால் பிரிட்டிஷ் நூலகத்தில் இன்றைக்கும் அந்தப் பிரதிகளை இந்த முகவரி சொல்லித்தான் கேட்க வேண்டும். அலமாரி போனாலும் அலமாரிக் கட்டம் நிலைத்துவிட்டது.

நான்காவது கட்டத்தின் கதை வேறு. காட்டன் தாராளமாக இரவல் கொடுத்தவர். 1621-இல் தொடங்கிய அவருடைய பட்டியலோடு, யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற குறிப்புகளும் சேர்ந்தே இருக்கின்றன. அறிஞர்கள் மட்டுமல்ல, அரசியல்வாதிகளும் வாங்கிப் போனார்கள். மன்னரை எதிர்த்து வாதாடப் பழைய சான்றுகள் அங்கேதான் கிடைத்தன. அதனாலேயே 1629-இல் மன்னர் முதலாம் சார்லஸ் அந்த நூலகத்தை மூடிப் பூட்டச் செய்தார். இரண்டு வருடத்தில் காட்டன் இறந்தார்.

அவர் இரவல் கொடுத்தவற்றில் ஒன்று, 9-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் எழுதிய ஒரு சங்கீதப் புத்தகம். ஏறக்குறைய ஒவ்வொரு சங்கீதத்துக்கும் கோட்டோவியம் உண்டு. அதன் முகவரி 'கிளாடியஸ், சி, 7'. வாங்கியவர் ஆருண்டெல் பிரபு, பெரிய கலைச் சேகரிப்பாளர். உள்நாட்டுப் போர் வந்ததும் 1642 வாக்கில் அவர் நாட்டை விட்டுப் போனார். புத்தகமும் கூடவே நெதர்லாந்துக்குப் போனது. அவர் இறந்த பிறகு மனைவியும் மகனும் அதை விற்றுவிட்டார்கள். 1716-இல் அது உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. இன்று அதன் பெயரே 'உட்ரெக்ட் சங்கீதம்'. அட்டையில் காட்டன் குடும்பத்துச் சின்னம் பதிந்தேதான் இருந்தது. அது யாருடைய புத்தகம் என்று சொல்லியது. ஆனால் திருப்பி வாங்கித் தரவில்லை. தீ விபத்திலிருந்து அது முழுதாகத் தப்பியது மட்டும் லாபம்.

இதில் யாரையும் திருடர் என்று சொல்ல முடியாது. கொடுத்தவர் இறந்துவிட்டார், வாங்கியவர் ஊர் மாறிவிட்டார், வாரிசுகள் தங்கள் வீட்டுச் சொத்து என்று விற்றார்கள். இரவல் புத்தகம் தொலைவது பெரும்பாலும் இப்படித்தான். பெயர் மட்டும் எழுதிய கட்டம், எழுதியவர் நினைவாற்றல் உள்ளவரை பயன்படும். பிறகு அது வெறும் பெயர்.

ஆகவே அம்மா, நான்காவது கட்டத்தை மூன்றாகப் பிரித்துக்கொள். யாருக்கு, எந்தத் தேதியில், எந்தத் தேதியில் திரும்பியது. திரும்பி வந்த வரியை அழிக்காதே, ஒரு கோடு போட்டு வை. அப்போதுதான் கோடு விழாத வரிகள் தனியாகத் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை, சரஸ்வதி பூஜைக்கு அலமாரியைத் துடைக்கும்போது, அந்த வரிகளுக்கு மட்டும் போன் போடு. உன்னைத் தவிர வீட்டில் இன்னொருவருக்கும் அந்தப் பட்டியல் இருக்கும் இடம் தெரிய வேண்டும்.

என் நோட்டில் கோடு விழாத வரிகள் பதினேழு. இதைப் படிப்பவர்களில் சிலர் அவற்றில் இருக்கிறீர்கள். வீட்டு அலமாரியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்; தபால் செலவு என்னுடையது.

அன்புடன்,
உங்கள் சார்