நினைத்தது ஒன்று, ஒட்டியது ஒன்று

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையில் பயணம் செய்த வாசகர்கள், இருமருங்கிலும் உள்ள தொழிற்சாலைகளைக் கண்டிருப்பீர்கள். அவற்றுள் ஒன்றில் ஒப்பந்தப் பணி செய்யும் என் பழைய மாணவர் ஒருவர் தமக்கு நேர்ந்ததைக் கூறினார். ஷிப்டு முடியும் நேரம். குறையுள்ள உதிரிப்பாகத்தின் லாட் எண்ணைக் கணிப்பொறியில் நகலெடுத்து, மேற்பார்வையாளருக்குப் போகும் அறிக்கையில் ஒட்டினார். பேருந்துக்கு நேரமாகிவிட்டதால் திரையைப் பாராமலே அனுப்பியும் விட்டார். அதில் இருந்தது லாட் எண் அன்று. "ளாக அனுபவம் பெற்றுள்ள நான், தங்கள் நிறுவனத்தில் சேர விரும்" என்று தலையும் வாலும் அற்ற ஒரு துண்டு! மதிய இடைவேளையில் வேறொரு கம்பெனிக்கு அவர் எழுதிய விண்ணப்பத்தின் பகுதி அது.

இது எப்படி நேர்ந்தது? விடை காண, ஐம்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்வோம்.

அக்காலத்து எடிட்டர்களில் வரிகளை இடம் மாற்றுவது ஒரே கட்டளையில் முடியும் வேலை. யூனிக்ஸின் `ed` என்னும் எடிட்டரில் `3,5m9` என்று தட்டினால், 3 முதல் 5 வரையுள்ள வரிகள் 9ஆம் வரிக்குப் பின் சென்று அமரும். எங்கிருந்து, எங்கே என்ற இரண்டையும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். இது சிரமந்தான், ஆனால் நடுவில் எதுவும் தங்குவதில்லை.

அமெரிக்காவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் லாரி டெஸ்லர், டிம் மாட் என்னும் இருவர் 1970களின் நடுவில் 'ஜிப்சி' என்ற எடிட்டரை உருவாக்கினர். பாடநூல் பதிப்பகமான ஜின் கம்பெனியின் ஆசிரியர்களுக்காக அது செய்யப்பட்டது. அவர்கள் கையெழுத்துப் படியைக் கத்தரியால் வெட்டிப் பசையால் ஒட்டித் திருத்துபவர்கள். அதே வழக்கம் திரைக்கும் வந்தது. முதலில் வெட்டு அல்லது நகலெடு. பிறகு, விரும்பும்போது ஒட்டு. ஒரு செயல் இரண்டாகப் பிரிந்தது. நடுவில் துண்டு தங்குவதற்கு ஓர் இடமும் தேவைப்பட்டது. பின்னர் டெஸ்லர் ஆப்பிளுக்குச் சென்றார். 1983இல் வெளிவந்த அதன் 'லிசா' கணிப்பொறியில் இவ்விடம் 'கிளிப்போர்டு' என அழைக்கப்பட்டது.

மேசையில் கிடக்கும் காகிதத்துண்டு கண்ணில் படும். கிளிப்போர்டில் கிடப்பது படாது. 1984இன் மெக்கின்டாஷில் அதை ஒரு சாளரத்தில் திறந்து காட்டும் கட்டளை இருந்தது உண்மையே. ஆனால் வேலையின் நடுவே யார் அதைத் திறந்து பார்க்கப் போகிறார்கள்? மேலும், அதில் ஒரு பொருளுக்கே இடம். புதியது வந்தால்தான் பழையது போகும். வராவிட்டால் பழையது சத்தமின்றி அங்கேயே இருக்கும்.

இனி நம் மாணவரிடம் திரும்புவோம். இரண்டு வகையில் தவறு நிகழ்ந்திருக்கலாம். விசைப்பலகையில் C, V இரண்டும் பக்கத்துப் பக்கத்து விசைகள். எண்ணைத் தேர்ந்தெடுத்து `Ctrl+C` அழுத்த வேண்டியவர் `Ctrl+V` அழுத்தியிருந்தால், எண் இருந்த இடத்திலேயே பழைய துண்டு வந்து அமர்ந்திருக்கும். ஆனால் மூலப் பட்டியலில் லாட் எண் பழுதின்றி இருந்தது. எனவே இரண்டாவது வகையே பொருந்துகிறது. எண்ணைத் தேர்ந்தெடுத்தபின் அவர் வேறிடத்தில் கிளிக் செய்ய, தேர்வு கலைந்துவிட்டது. எதுவும் தேர்வாகாதபோது `Ctrl+C` அழுத்தினால், பெரும்பாலான நிரல்கள் எச்சரிக்கை எதுவும் தருவதில்லை, கிளிப்போர்டையும் தொடுவதில்லை. மறுநாள் ஒரு வெற்றுப் பக்கத்தில் அதையே செய்து பார்த்தோம். முன்பு நகலெடுத்ததே மீண்டும் வந்து நின்றது.

பத்தி ஏன் பாதியாக இருந்தது? விண்ணப்பத்தை நகலெடுத்தபோது மவுஸை ஓர் எழுத்து தள்ளி அழுத்தி, முடிவுக்கு முன்பே விட்டிருக்கிறார். நீண்ட இணைப்புகளின் கதை வேறு. முகவரிப் பட்டையில் ஒரே கிளிக்கில் முழு முகவரியும் தேர்வாகிவிடும். `?` குறிக்குப் பின்னுள்ள வாலும் சேர்ந்தே வரும். கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பாக இருந்தால், அந்த வாலே சாவியாகும். விண்ணப்பத்துண்டைவிட அது தவறான இடத்தில் விழுவது ஆபத்தானது.

2018இல் விண்டோஸ் 10 ஒரு வழி தந்தது. அவ்வசதியை இயக்கிவிட்டு `Win+V` அழுத்தினால் முன்பு நகலெடுத்தவை வரிசையாகத் தெரியும். ஆனால் நகலெடுத்த கடவுச்சொல்லும் அவ்வரிசையில் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியக்கூடும். இதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் இன்று ஐபோன்கள் கோக்கப்படுகின்றன. 2007இல் வந்த முதல் ஐபோனில் நகலெடுத்து ஒட்டும் வசதியே இல்லை, 2009இல்தான் வந்தது. ஒரு செயலி மற்றொன்றில் நகலெடுத்ததை எடுத்துக்கொண்டால் திரையில் அறிவிக்கும் ஏற்பாடு 2020இல் சேர்ந்தது. அதுவும் அப்போது எடுத்தபின் வரும் அறிவிப்பாகவே இருந்தது.

மாணவரின் மேற்பார்வையாளர் மறுநாள் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மாலையில் மட்டும், "தம்பி, லாட் நம்பர் இன்னும் வரலையே" என்றாராம்.