ஒத்து இல்லாத கச்சேரி

தியாகதுருகம் பக்கத்துக் கோயில் திருவிழாவில் சாமி புறப்பாட்டுக்கு முன் நாதஸ்வரக்காரர் தோடியை எடுத்தால், அரை மணி நேரம் போனாலும் கூட்டம் முகம் சுளிக்காது. ராகத்தின் பெயர் தெரியாதவரும் நின்று கேட்பார். பக்கத்தில் ஒத்து விடாமல் ஒலிப்பதுதான் காரணம். வாசிப்பவர் எங்கே போனாலும் திரும்பி வரவேண்டிய இடம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது.

1970-களில் ஜாஸ்-ராக் ஃப்யூஷன் ராக் ரசிகர்களை இரண்டாகப் பிளந்த கதைக்கு இந்த ஒத்து முக்கியம்.

அந்தப் பாட்டுகள் அநியாயத்துக்கு நீளம், அதனால் ரசிகர்கள் ஓடினார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. நீளம் ராக் ரசிகர்களுக்குப் பழகிய சங்கதி. 1971-இல் வந்த ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் ஃபில்மோர் ஈஸ்ட் கச்சேரித் தட்டில் 'விப்பிங் போஸ்ட்' என்ற ஒரே பாட்டு 23 நிமிடம், தட்டின் ஒரு பக்கம் முழுக்க. அதைக் கொண்டாடினார்கள். அங்கே கிடார் எவ்வளவு சுற்றினாலும், அடியில் ஒன்றிரண்டு கார்டுகளே திரும்பத் திரும்ப வரும். கார்டு என்றால் மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்வது. அந்தக் கார்டுதான் அவர்களுக்கு ஒத்து.

இதை அடியோடு எடுத்துவிட்டவர்களில் முதன்மையானவர் ஜான் மெக்லாஃப்லின் என்ற ஆங்கிலேயக் கிடார்க்காரர். மைல்ஸ் டேவிஸ் 1969 ஆகஸ்டில் பதிவு செய்து மறு ஆண்டு வெளியிட்ட 'பிட்சஸ் ப்ரூ' தட்டில் வாசித்தவர். 1971-இல் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா தொடங்கினார். அவருடைய கார்டுகளில் ஒன்றோடொன்று உரசும் சுரங்கள் சேர்ந்திருக்கும். சாதாரண ராக் பாட்டில் அப்படி ஓர் உரசல் வந்தால் அடுத்த கார்டில் தீர்ந்துவிடும், காதும் நிம்மதியாகும். இவரோ ஓர் உரசலிலிருந்து இன்னோர் உரசலுக்குத் தாவுவார். திரும்பி வரவேண்டிய வீடு எது என்பதே கேட்பவருக்குப் புரியாது.

தாளமும் கைகொடுக்கவில்லை. 1973-இல் வந்த 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' பாட்டின் சுற்று 18 அட்சரம். நம் ஊர் மிருதங்க மாணவர் பதினெட்டை ஐந்து, ஐந்து, ஐந்து, மூன்று என்று பிரித்து, 'தகதகிட' மூன்று முறை, 'தகிட' ஒரு முறை சொல்லிப் பார்த்துவிடுவார். நாலுக்கு நாலு என்று தலையாட்டிப் பழகியவருக்கு அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே பிடிபடாது. டிரம்மர் பில்லி காப்ஹம் காட்டிய வேகத்தில் எண்ணவும் நேரமில்லை. கூடவே பாடக் குரலும் கிடையாது.

ஆக, கார்டு, தாளம், பாட்டு என்று மூன்று பிடிகளும் ஒருசேரப் போயின. ஒரு சாரார் இதை விரல் வித்தை என்று ஒதுக்கினார்கள். இன்னொரு சாராருக்கு, குறிப்பாகக் கிடார் பழகும் இளைஞர்களுக்கு, இது புதுக்கதவு. 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 15-ஆம் இடம் வரை ஏறியது. ராக் நட்சத்திரமான ஜெஃப் பெக்கே 1975-இல் பாடகரைத் தவிர்த்து 'ப்ளோ பை ப்ளோ' வெளியிட்டார். ஆனாலும் மகாவிஷ்ணுவின் முதல் அணி 1973 இறுதியிலேயே கலைந்தது.

மெக்லாஃப்லின் அடுத்துப் போன திசைதான் நமக்குச் சொந்தம். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் கர்நாடக இசை கற்றவர் அவர். வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராகவன் ஆகியோரைச் சேர்த்து 'சக்தி' அமைத்தார். 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் வாசித்ததே முதல் தட்டானது. அதில் 'ஜாய்' மட்டும் சுமார் 18 நிமிடம். மின்சாரக் கிடார் இல்லை. கமகம் பேசவேண்டி, ஃப்ரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கிய கிடார் அது. தந்தியை உள்ளே அழுத்தினால் சுரம் மேலே வழுக்கிப் போகும். குறுக்கே தனியாக ஏழு ஒத்ததிர்வுத் தந்திகள்.

சிக்கலான கார்டுகள் பெரும்பாலும் விலகி, ஆதார சுருதி திரும்ப வந்தது. நமக்கு நிற்க இடம் கிடைத்தது. ஆனால் மகாவிஷ்ணுவுக்காகக் கத்திய கூட்டத்துக்கு, தரையில் சம்மணமிட்டு வாசித்தவரைப் பார்த்து ஏமாற்றம். சக்தியின் மூன்று தட்டுகளும் மகாவிஷ்ணு அளவுக்கு விற்கவில்லை.

பின்னாளில் மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ், விக்குவின் மகன் செல்வகணேஷ் ஆகியோர் சேர, குழு வேறு வடிவில் தொடர்ந்தது. 'திஸ் மொமண்ட்' தட்டுக்காக 2024 பிப்ரவரியில் கிராமி விருதும் வாங்கியது.

கேட்கப் போகிறவர்கள் 'ஜாய்' பாட்டில் தொடங்குங்கள். அதன்பின் 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' போட்டு, தொடையில் பதினெட்டு எண்ண முயலுங்கள். ராக் ரசிகர் எங்கே தடுமாறினார் என்பது இரண்டே நிமிடத்தில் விளங்கிவிடும்.