வேலை கிடைச்சாச்சு... புதன்கிழமை இன்டர்வியூவை என்ன பண்றது?

தென்காசிப் பக்கம் வேலை தேடும் இளைஞர்களுக்கு இது புதுசாக வந்திருக்கும் சிக்கல். முன்பெல்லாம் ஐ.டி வேலை என்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ ரயில் ஏற வேண்டும். 2011-ல் மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்தது. அதன் பிறகு 'ஊர்லயே வேலை' என்பது நிஜமாகவே ஒரு சாய்ஸ் ஆகிவிட்டது. ஊரில் ஒரு ஆஃபர் கையில் இருக்கும்போதே, சென்னை இன்டர்வியூ ஒன்றும் பாக்கி இருக்கும்.

பலர் செய்வது என்ன தெரியுமா? போனை எடுக்காமல் விட்டுவிடுவது. 'நோ ஷோ' என்று அந்த கம்பெனியின் பதிவில் ஏறிவிட்டால், இரண்டு வருஷம் கழித்து அதே கம்பெனிக்கு அப்ளை செய்தாலும் ஹெச்.ஆர் கண்ணில் அது படலாம். சரியான நேரத்தில் விலகிவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். இலஞ்சியில் இருக்கும் ஒரு பெண்ணுக்குப் புதன்கிழமை காலை 11 மணிக்கு சென்னையில் இன்டர்வியூ. செவ்வாய் மாலை பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட். திங்கள் மதியம் 3 மணிக்கு, தென்காசி கம்பெனியிடமிருந்து ஆஃபர் வருகிறது.

முதலில் லெட்டர், அப்புறம்தான் விலகல்

"உங்களை செலக்ட் பண்ணிட்டோம்" என்று போனில் சொன்னது மட்டும் போதாது. சம்பளம், பதவி, சேரும் தேதி மூன்றும் எழுத்தில் வந்திருக்க வேண்டும். சரிபார்ப்பு, மெடிக்கல் போன்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் படிக்க வேண்டும். லெட்டர் வரவில்லை என்றால் சென்னை இன்டர்வியூவிலிருந்து விலக வேண்டாம். "ஒரு வாரம் தள்ளி வைக்க முடியுமா?" என்று மட்டும் கேட்கலாம்.

நம் பெண்ணுக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. 4.30-க்கு 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று மெயில் அனுப்பிவிடுகிறார். அடுத்த அரைமணி நேரத்துக்குள் சென்னைக்குச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். இன்டர்வியூ எடுக்க இரண்டு மூன்று பேர் நேரம் ஒதுக்கியிருப்பார்கள். திங்கள் மாலையே சொன்னால் அந்த இடத்தில் வேறொருவரைக் கூப்பிட முடியும். புதன் காலை 10 மணிக்குச் சொன்னால் முடியாது.

யாரிடம், எப்படி?

உங்களைக் கூப்பிட்டவரிடமே சொல்லுங்கள். அவர் கன்சல்டன்சிக்காரர் என்றால், அவரைத் தாண்டி கம்பெனிக்கு நேராக மெயில் போட வேண்டாம். பெரும்பாலும் நீங்கள் வேலையில் சேர்ந்தால்தான் அவருக்குக் கட்டணம். கம்பெனியிடம் முகம் காட்ட வேண்டியவரும் அவர்தான். விஷயம் அவருக்குக் கடைசியாகத் தெரிந்தால் கோபம் வரத்தானே செய்யும்!

முதலில் ஒரு போன். எடுக்கவில்லை என்றால் திரும்பத் திரும்ப அடிக்காமல் மெயில் அனுப்பிவிடுங்கள். போனில் பேசியிருந்தாலும் மெயில் அவசியம். அதைத்தான் அவர் மேலே அனுப்புவார். தமிழோ ஆங்கிலமோ, நான்கு வரி போதும்:

"வணக்கம் சார். புதன்கிழமை 11 மணி இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டதற்கு நன்றி. வேறொரு நிறுவனத்தின் ஆஃபரை இன்று ஏற்றுக்கொண்டுவிட்டேன். அதனால் இந்த இன்டர்வியூவிலிருந்து விலகிக்கொள்கிறேன். உங்கள் நேரம் வீணாகக் கூடாது என்று உடனே தெரிவிக்கிறேன்."

'வர முடியுமானு தெரியலை', 'பார்க்கலாம் சார்' போன்ற வார்த்தைகள் இதில் இல்லை, கவனித்தீர்களா? அப்படி எழுதினால் அவர் இன்டர்வியூவை ரத்து செய்யாமல் காத்திருப்பார். 'காய்ச்சல்', 'பாட்டிக்கு உடம்பு சரியில்லை' என்ற பொய்யும் வேண்டாம். "அப்போ அடுத்த வாரம் வாங்க" என்று அவர் நல்ல மனதோடு சொன்னால் என்ன செய்வீர்கள்?

எதிர்க்கேள்வி வந்தால்?

"எந்த கம்பெனி? எவ்வளவு குடுக்கறாங்க? நாங்க கூடுதலா தர்றோம், சும்மா வந்து அட்டெண்ட் பண்ணுங்க" என்று கேட்பது சகஜம். சம்பளம் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. "ஊர்லயே இருக்கணும்னு முடிவு பண்ணிட்டேன் சார், ஏற்கெனவே வார்த்தை கொடுத்தாச்சு" என்று சொன்னால் போதும். சேரும் எண்ணம் இல்லாமல் சும்மா போய் உட்கார்ந்துவிட்டு, கடைசியில் மறுப்பதுதான் உறவை அதிகம் கெடுக்கும்.

அதற்குப் பிறகு

"சரிம்மா, ரத்து பண்ணிட்டேன்" என்ற பதில் வரும்வரை விஷயம் முடியவில்லை. மறுநாள் காலைவரை பதில் இல்லை என்றால் இன்னொரு முறை கூப்பிடுங்கள். பதில் வந்ததும் காலண்டர் அழைப்பை 'டிக்லைன்' செய்துவிட்டு, ரயில் டிக்கெட்டையும் ரத்து செய்யுங்கள். டிக்கெட் கம்பெனி போட்டது என்றால் அவர்களிடம் ஞாபகப்படுத்துங்கள். வேலை தேடும் தளங்களிலும் உங்கள் புரொஃபைலை மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 'ஆள் இன்னும் தேடுறாரே' என்று அவருக்கே தோன்றும்.

அந்த வேலைக்குப் பொருத்தமான நண்பர் யாராவது இருந்தால், அவரிடம் கேட்டுவிட்டு ரெஸ்யூமேயை அனுப்பலாம். ரெக்ரூட்டருக்குக் காலியான இடத்துக்கு ஓர் ஆள் கிடைக்கும். அடுத்த முறை நீங்கள் கூப்பிட்டாலும் போனை எடுப்பார்!