அம்மாவின் அழைப்பு வரவேண்டும், மற்றவை உறங்கட்டும்: இரவில் தொலைபேசியைக் கறுப்பு வெள்ளையாக்கும் முறை

கோடை காலத்தில் ரொறன்ரோவில் இரவு 11 மணி என்றால் யாழ்ப்பாணத்தில் காலை எட்டரை. குளிர்காலத்தில் இங்கே மணிக்கூட்டைப் பின்னே தள்ளிவிட்டால் அங்கே ஒன்பதரை ஆகிவிடும். எங்கள் இராக்கால ஸ்குரோலிங்குக்கு இந்த ஒன்பதரை, பத்தரை மணி நேர வித்தியாசம் ஒரு பெரிய காரணம். நாங்கள் படுக்கப் போகும் நேரத்தில்தான் ஊர் எழும்பி, தேத்தண்ணி குடித்து, படம் போடத் தொடங்குகிறது. அண்ணா குடும்பக் குழுவில் காலை வணக்கம் போடுவார். ஊர்ச் செய்திகள் அப்போதுதான் புதிதாக வரும். நல்லூர்த் தேர் காலையில் வீதிக்கு வரும்போது வோபர்னில் எங்களுக்கு முதல் நாள் இரவு.

"அப்பை அழியுங்கோ, தொலைபேசியை வேறு அறையில் வையுங்கோ" என்று பிள்ளைகள் சொல்வார்கள். வட்ஸ்அப்பை அழித்தால் எங்கட ஆட்களுக்கு ஊரே அழிந்த மாதிரி. தொலைபேசியை அணைத்து வைப்பதையும் நான் செய்து பார்த்தேன். சில வருடங்களுக்கு முன், வருமான வரிக் காலத்தில், ஏப்ரல் 30க்கு முன்பு முடிக்கவேண்டிய கோப்புகள் மேசையில் குவிந்திருந்தன. இரவு ஒரு மணி வரை வீடியோ பார்த்துவிட்டு மறுநாள் ஒருவருடைய ரீ4 பத்திரத்தில் ஓர் இலக்கத்தைப் பிழையான பெட்டிக்குள் எழுதினேன். அனுப்புவதற்கு முன் கண்டுபிடித்துவிட்டேன், ஆனால் பயந்துபோனேன். அன்றிலிருந்து பத்தரைக்குத் தொலைபேசியை முற்றாக அணைத்தேன். எட்டாவது நாள் காலையில் திறந்தபோது அண்ணாவிடமிருந்து ஐந்து தவறிய அழைப்புகள். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அம்மா தப்பிவிட்டார். ஆனால் அந்த ஐந்து அழைப்புகளுக்கு நான் இன்னும் அண்ணாவிடம் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே எங்களுக்கு வேண்டியது அணைப்பதும் அல்ல, அழிப்பதும் அல்ல. தொலைபேசி விழித்திருக்க வேண்டும், ஆனால் பார்ப்பதற்குச் சுவையில்லாமல் இருக்க வேண்டும். இதற்கு இரண்டு வசதிகள் எல்லாப் புதிய தொலைபேசியிலும் ஏற்கெனவே இருக்கின்றன. ஒன்று திரையைக் கறுப்பு வெள்ளையாக்கும் கிரேஸ்கேல். மற்றது குறித்த நேரத்தில் சத்தங்களை அடக்கி, தேவையான ஆட்களை மட்டும் விடும் படுக்கை நேர முறை. இரண்டையும் சேர்த்தால்தான் பயன்.

முதலில் கிரேஸ்கேல் ஏன் வேலை செய்கிறது என்று பார்ப்போம். செயலியின் மூலையில் வரும் சிவப்புப் புள்ளி, அடுத்த வீடியோவின் மஞ்சள் எழுத்துப் படம், சேலைக்கடை விளம்பரம் எல்லாம் நிறத்தால்தான் கண்ணை இழுக்கின்றன. நிறம் போனால் சிவப்புப் புள்ளி சாம்பல் புள்ளியாகிவிடும், அதற்கு அவசரம் இல்லை. தேரின் படத்தை ஒரு தடவை பார்ப்பீர்கள். பத்து ஆட்கள் போட்ட அதே தேரைப் பத்துத் தடவை பார்க்கமாட்டீர்கள். அமெரிக்காவின் வட டகோட்டா பல்கலைக்கழகத்தில் ஹோல்ரே, பெராரோ என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர்களின் தொலைபேசிகளைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். நாளொன்றுக்குச் சராசரியாக 38 நிமிடங்களளவில் பாவனை குறைந்தது. அவர்கள் மாணவர்கள், நாங்கள் ஐம்பது தாண்டியவர்கள், ஆகவே அதே நிமிடக் கணக்கை உங்கள் வீட்டுக்கு எழுதிவிடாதீர்கள்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. கிரேஸ்கேல் படத்தைத்தான் மந்தமாக்கும். எழுத்தையும் குரலையும் அது தொடாது. அரசியல் விவாதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பவருக்கும், செய்திக் கட்டுரைக்குக் கீழே வரும் சண்டைகளை வாசிப்பவருக்கும் நிறம் போனதே தெரியாது. நான் இந்த இரண்டாவது வகை. எனக்கு நேர அட்டவணைதான் கூடுதலாக உதவியது. இன்னொன்று, கிரேஸ்கேல் வெளிச்சத்தைக் குறைக்காது. வெள்ளைத் திரை வெள்ளையாகவே கண்ணில் அடிக்கும். அதற்கு அன்ட்ரொய்ட்டில் Extra dim, ஐபோனில் Reduce White Point என்று வேறு அமைப்புகள் இருக்கின்றன.

இனிச் செய்முறை. அன்ட்ரொய்ட்டில் வேலை இலகு, ஏனெனில் நிறமும் நேரமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. Settings திறந்து Digital Wellbeing & parental controls என்பதற்குள் Bedtime mode போங்கள். நேரத்தைக் கொடுங்கள், எனக்கு இரவு 10.30 முதல் காலை 6.00 வரை. அதற்குள் Customize போய் Grayscale என்பதை இயக்குங்கள். புதிய பிக்செல் தொலைபேசிகளில் இது Modes என்ற தலைப்புக்குள் இருக்கும். சாம்சங்கில் Modes and Routines என்பதற்குள் Sleep என்று இருக்கும். பெயர் மாறியிருந்தால் Settings மேலே உள்ள தேடல் பெட்டியில் bedtime அல்லது grayscale என்று அடித்தால் போதும். நேரத்துக்குப் பதிலாக, படுக்கை நேரத்தில் சார்ஜில் போட்டால் மட்டும் இயங்கும் தெரிவும் உண்டு. இரவு வேலை, பகல் வேலை என்று ஷிப்ற் மாறுபவர்களுக்கு அது பொருந்தும்.

ஐபோனில் இரண்டு வேலை. Settings, Focus, Sleep என்று போய் நேரத்தைக் கொடுத்தால் சத்தம் அடங்கும், ஆனால் நிறம் தானாகப் போகாது. நிறத்துக்கு முதலில் Settings, Accessibility, Display & Text Size, Color Filters என்று போய் அதை இயக்கி, Grayscale என்பதைத் தெரிவுசெய்து, திரும்ப அணைத்துவிடுங்கள். தொலைபேசி அந்தத் தெரிவை நினைவில் வைத்திருக்கும். பிறகு Shortcuts செயலியில் Automation போய் Time of Day எடுங்கள். 10:30 PM, Daily, Run Immediately என்று தெரிவுசெய்து, Set Color Filters என்ற செயலைச் சேர்த்து On ஆக்குங்கள். இதேபோல் காலை ஆறு மணிக்கு Off ஆக்க இன்னொன்று செய்யவேண்டும். இந்த இரண்டாவதை மறந்துவிட்டு, "என்ர போன் பழுதாப் போச்சு" என்று கடைக்குக் கொண்டுபோன நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. Run Immediately என்பதை விட்டால் ஒவ்வொரு இரவும் உங்களிடம் அனுமதி கேட்கும். கேட்டால் நாங்கள் இல்லை என்றுதான் சொல்வோம்.

அடுத்தது, எங்களுக்கு மிக முக்கியமான பகுதி: யாருடைய அழைப்பு உள்ளே வரலாம் என்பது. அன்ட்ரொய்ட்டில் நட்சத்திரக் குறியிட்ட ஆட்களின் அழைப்பை அனுமதிக்கலாம். ஐபோனில் Sleep என்பதற்குள் People போய்ப் பெயர்களைச் சேர்க்கலாம். அம்மா, அண்ணா, பக்கத்து வீட்டு அக்கா என்று நான்கைந்து பேரோடு நிறுத்துங்கள். இரண்டு தரம் தொடர்ந்து அழைத்தால் விடும் வசதியும் இரண்டிலும் உண்டு. அன்ட்ரொய்ட்டில் 15 நிமிடங்களுக்குள், ஐபோனில் 3 நிமிடங்களுக்குள் அதே ஆள் திரும்ப எடுக்கவேண்டும். அலாரம் இந்த முறைகளில் வழக்கம்போல் அடிக்கும்.

ஆனால் ஊரிலிருந்து இப்போது யார் சாதாரண அழைப்பு எடுக்கிறார்கள்? எல்லாம் வட்ஸ்அப். மேலே சொன்ன விதிகள் சாதாரண அழைப்புக்கு நம்பகமாக வேலை செய்யும். வட்ஸ்அப் அழைப்பு உள்ளே வருமா என்பது தொலைபேசிக்குத் தொலைபேசி மாறுகிறது. ஆகவே சோதித்துத்தான் பார்க்கவேண்டும். படுக்கை முறையைக் கையால் இயக்கிவிட்டு, ஊருக்கு முதல்நாளே சொல்லி, வட்ஸ்அப்பில் எடுக்கச் சொல்லுங்கள். மணி அடித்தால் சரி. அடிக்காவிட்டால் வட்ஸ்அப்பை அனுமதித்த செயலிகளில் சேர்த்து, வட்ஸ்அப்புக்குள் ஒவ்வொரு குழுவையும் Always என்று மௌனமாக்குங்கள். மௌனமாக்கிய குழுவை விட்டு நீங்கள் விலகவில்லை, யாரும் கோபிக்கமாட்டார்கள், அவர்களுக்குத் தெரியவும் வராது. அதற்கு மேலும் நான் அண்ணாவிடம் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன்: உண்மையான அவசரம் என்றால் காசு போனாலும் சாதாரண இலக்கத்துக்கு அடுத்தடுத்து இரண்டு தரம் எடுப்பது.

நீரிழிவுக்காகக் கையில் உணரி ஒட்டியிருப்பவர்கள் ஒரு விடயத்தைத் தவறவிடக்கூடாது. சர்க்கரை இறங்கும் எச்சரிக்கை அந்தச் செயலியிலிருந்து வருவது. அதற்கு மௌனத்தைத் தாண்டி ஒலிக்கும் அனுமதி இருக்கிறதா என்று முதல் இரவே பாருங்கள். சிவப்பு, பச்சை நிறத்தில் அளவைக் காட்டும் செயலி என்றால் கிரேஸ்கேலில் அந்த வேறுபாடு மறைந்துவிடும். இலக்கத்தை வாசிக்கப் பழகாதவர்களுக்கு நான் கிரேஸ்கேலைச் சொல்லமாட்டேன், படுக்கை முறை மட்டும் போதும்.

சிறு விடயங்கள் சில. கறுப்பு வெள்ளைத் திரையில் நீங்கள் அனுப்பும் படம் மற்றவருக்கு நிறமாகவே போகும். ஸ்கிரீன்ஷொட் எடுத்தாலும் நிறமாகவே பதியும், ஆகவே "பார் எப்படி இருக்கு" என்று மகளுக்கு அனுப்பிக் காட்ட முடியாது. அவசரத்துக்கு நிறம் வேண்டுமென்றால் ஐபோனில் Accessibility Shortcut என்பதில் Color Filters ஐ வைத்துவிட்டு, பக்கப் பொத்தானை மூன்று தரம் அழுத்தலாம். அந்த மூன்று அழுத்தம்தான் இந்த முறையின் ஓட்டையும். இரவில் விரல் தானாக மூன்று தரம் அழுத்தத் தொடங்கினால் அந்தக் குறுக்குவழியை எடுத்துவிடுங்கள்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? எனக்குப் பழக்கமான வழி ஐந்தொகைதான். ஐபோனில் Screen Time, அன்ட்ரொய்ட்டில் Digital Wellbeing அன்றைய மொத்த நேரத்தைக் காட்டும். இரவு 10.30க்கு அதை ஒரு தாளில் எழுதுங்கள், அது ஆரம்ப மீதி. மறுநாள் காலையில் நேற்றைய மொத்தத்தைப் பாருங்கள், அது இறுதி மீதி. வித்தியாசம்தான் பத்தரை முதல் நள்ளிரவு வரையான செலவு. அதோடு இன்றைய கணக்கில் எழும்புவதற்கு முன் ஏறியிருப்பதையும் கூட்டுங்கள். கறுப்பு வெள்ளைக்கு முன் ஒரு கிழமை, பின் ஒரு கிழமை எழுதவேண்டும், முன் கிழமை இல்லாமல் பின் கிழமைக்கு அர்த்தம் இல்லை.

என்னுடைய தாளில் முதல் கிழமையில் இரவுக்குச் சராசரி 1 மணி 25 நிமிடம். கறுப்பு வெள்ளை வந்த கிழமையில் 50 நிமிடம். மூன்றாம் கிழமையில் அது 1 மணி 5 நிமிடமாக ஏறியது. எதனால் என்று பார்த்தால், செயலிகள் வாரியான பட்டியலில் வீடியோ குறைந்து செய்தி வாசிப்பு கூடியிருந்தது, கண் சாம்பல் நிறத்துக்குப் பழகிவிட்டது. அதன் பிறகு செய்திச் செயலிகள் இரண்டுக்கு மட்டும் நாளொன்றுக்கு 30 நிமிட எல்லை வைத்தேன். எல்லை வந்ததும் ஒரு திரை மறிக்கும், அதைத் தாண்டுவதற்கும் வழி இருக்கிறது, நானும் சில இரவுகளில் தாண்டினேன். இப்போது 35, 40 நிமிடத்தில் நிற்கிறது.

சென்ற மாசியில் ஒரு நாள் இரவு பன்னிரண்டரைக்குச் சாம்பல் நிறத் திரையில் அண்ணாவின் பெயர் வந்தது. இரண்டாம் மணிக்கே எடுத்துவிட்டேன். அம்மா பல்லைக் கழற்றி வைத்த இடம் தெரியவில்லையாம், நான் போன முறை வந்தபோது எங்கே எடுத்து வைத்தேன் என்று கேட்டார்.